அம்மாச்சி புதுக் கண்ணாடியைப் போட மறுக்கிறார், வழி சொல்லுங்கள்

வணக்கம். என் அம்மாச்சிக்கு 81 வயது, மறதி நோய். போன மாதம் பவர் மாறி, புதுக் கண்ணாடி வாங்கினோம். போட்டுவிட்டால் இரண்டே நிமிடத்தில் கழற்றி, "இது யாரோடதுடி? என்னுது இல்ல" என்கிறார்.

தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. முப்பது வருடமாகக் கறுப்புத் தடித்த ஃபிரேமும் கோடு போட்ட பைஃபோக்கலும் போட்டவருக்கு, மெல்லிய தங்க நிற ஃபிரேமில் புரோகிரசிவ் லென்ஸ் வாங்கிவிட்டோம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் அவருக்குத் தன் முகமே வேறாகத் தெரிகிறது. ஓரங்கள் மங்குவதால் வாசற்படியில் காலை வைக்கவே தயங்குகிறார். பழைய ஃபிரேமிலேயே புது பவரில் பைஃபோக்கல் போடச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஏற்றுக்கொண்டார்களா?

அடுத்தது துடைப்பது. விபூதியும் தேங்காய் எண்ணெயும் படிந்ததை முந்தானையால் அழுத்தித் துடைக்கிறார், விபூதித் துகளே கீறிவிடுகிறது. இப்போது காலைக் காபிக்கு முன்னால் நானே குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றிக் கொடுக்கிறேன். அது சரியாகப் போகிறது.

தொலைவதுதான் பெரும்பாடு. தலையணை உறை, அரிசி டப்பா, ஒருநாள் பூஜைக் கூடையில் பூவுக்கு அடியில். கழுத்தில் கயிறு மாட்டலாம் என்றால், தூக்கத்தில் இறுக்குமோ என்று பயம். இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறு எங்கே கிடைக்கும்? இரவில் அவர் கையிலிருந்து சண்டையில்லாமல் வாங்கி வைக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.