குரைப்பது போல இருமல், இன்றைக்கு இரண்டாவது இரவு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு நாளாக லேசான சளி மட்டும்தான். நேற்று ராத்திரி ஒரு மணிக்குத் திடீரென்று எழுந்து நாய்க்குட்டி குரைப்பது போல இருமினான், அழுதுகொண்டே மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். பயந்துபோய் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், குளிர்ந்த காற்றில் தோளில் சாய்த்து வைத்திருந்தேன், அழுகை அடங்கியதும் சத்தமும் அடங்கியது.

காலையில் டாக்டர் க்ரூப் என்றார். வைரஸால் குரல்வளைக்குக் கீழே வீங்குகிறதாம், அதனால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லி டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு வேளை கொடுத்தார். இன்றிரவும் வரலாம், அழ விடாமல் மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள் என்றார். அம்மா ஆவி பிடிக்கச் சொல்கிறார். டாக்டரோ அதில் பலன் இல்லை, வெந்நீர் கொட்டினால்தான் ஆபத்து என்கிறார்.

அழும்போது மட்டும் சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாமாம். சும்மா இருக்கும்போதே வந்தாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, உதடு நீலமானாலோ 108.

என் குழப்பம் இதுதான்: அரைத்தூக்கத்தில் சிணுங்கும்போது வரும் சத்தத்தை எதில் சேர்ப்பது? நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்தக் கட்டத்தில் கிளம்பினீர்கள்?