கோடிட்ட இடத்துக்கு எந்தச் சொல்லை எடுப்பது?

காரைக்குடி டீச்சர்
என் மாலை வகுப்பில் தமிழ் படிப்பவர்கள் ஆறு பேர். மலேசியாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளும் ஹோட்டல் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களும். போன வாரம் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, முதல் வாக்கியத்தை முழுசாக விட்டு, அப்புறம் ஏழுக்கு ஒரு சொல்லை எடுத்துக் கோடு போட்டேன். ஒரு வாக்கியம் இப்படி வந்தது: "இரும்புச் சட்டத்தைக் ______ மேல் வைக்கிறார்கள்."

விடை 'கண்ணாடியின்'. வகுப்பிலேயே தமிழ் குறைவாகத் தெரிந்த பையன் சரியாக எழுதிவிட்டான். அவன் தங்கியிருப்பது கல் பட்டறைக்குப் பக்கத்தில். சரளமாகப் பேசும் பெண் 'மேசை' என்று எழுதியிருந்தாள். தப்பு போட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கோடு சோதித்தது தமிழையா, பட்டறையைப் பார்த்திருக்கிறார்களா என்பதையா?

தேவகோட்டை ராஜா
எண்ணி எடுப்பதுதான் முறை டீச்சர். இந்தக் கோடு போடும் முறையை 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் கொண்டுவந்ததே அப்படித்தான். நாமே சொல்லைப் பொறுக்கினால் நம் விருப்பம் உள்ளே வந்துவிடும்.

பள்ளத்தூர் ஐயா
ராஜா, பாதி சரி. ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று பார்க்கத்தான் டெய்லர் அதைச் செய்தார். மாணவரைச் சோதிப்பது பிறகு வந்த வேலை. ஆங்கிலத்தில் வேற்றுமைக்குத் தனிச்சொல் உண்டு, எண்ணி எடுத்தால் அதுவும் தானே கோட்டில் விழும். நமக்கு அது சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. ஒரு கோட்டுக்குள் பெயரும் உருபும் சேர்ந்தே போய்விடும்.

டீச்சர், உங்கள் வாக்கியத்தில் இன்னொன்று இருக்கிறது. 'சட்டத்தைக்' என்று க் நிற்கிறது. அடுத்த சொல் ககரத்தில் தொடங்கும் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. க்-ஐ எடுத்துவிடலாம் என்றால் வாக்கியம் பிழையாகிவிடும். நான் வாக்கியத்தையே திருப்பிவிடுவேன்: "ஒரு ______ மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள்." வேற்றுமையைப் பார்க்க வேண்டுமானால் '(சட்டம்)' என்று அடைப்புக்குள் கொடுத்து, உருபு சேர்த்து எழுதச் சொல்வேன்.

புதுவயல் அம்மா
என் மகள் பத்தாவது. கோடிட்ட இடத்தில் புத்தகத்தில் உள்ள சொல்லையே எழுத வேண்டும் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இதை யாரிடம் கேட்பது?

பள்ளத்தூர் ஐயா
அது பாடம் நினைவிருக்கிறதா என்று பார்க்கும் கேள்வி அம்மா. இங்கே பேசுவது வேறு. ஆனால் உங்கள் வருத்தம் நியாயம்தான். பொருந்தும் வேறு சொல்லை ஏற்பதா என்ற கேள்வி இரண்டிலும் இருக்கிறது.

காரைக்குடி டீச்சர்
பையனைக் கேட்டேன் ஐயா. "க் பார்த்தேன், மேசை வராதுன்னு விட்டேன். அப்புறம் பட்டறை ஞாபகம் வந்துச்சு" என்றான்.

மாற்றி எழுதிய கேள்வித்தாளை முதலில் எங்கள் தெரு ஆச்சிகள் மூன்று பேரிடம் கொடுத்தேன். "தண்ணீரில் ஊற ______" என்ற இடத்தில் ஒருவர் 'வைப்பாக', ஒருவர் 'போடுவாக', ஒருவர் 'விடுவாக' என்று எழுதினார்கள். மூன்றையும் விடைத்தாளில் சேர்த்துக்கொண்டேன். 'கண்ணாடி' கோட்டை அடியோடு எடுத்துவிட்டேன்.

பழைய தாளில் 'மேசை' மட்டும் இன்னும் நிற்கிறது. க்-ஐக் கவனிக்காததற்கு அரை மதிப்பெண் குறைப்பதா, முழுசாகக் கொடுப்பதா?

தேவகோட்டை ராஜா
முழுசாகக் கொடுங்கள் டீச்சர்.

பள்ளத்தூர் ஐயா
அரைதான். சந்தியும் தமிழ்தானே.