மோல்: கணக்குக்கு முன்னால் எந்தச் சொல்?

கயல்விழி, தேனி

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மோல் பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சூத்திரம் மூன்றாம் பக்கத்தில்தான் வரும். அதற்கு முன் போல்ட்டும் நட்டும் மட்டுமே. ஒரு போல்ட் 7 கிராம், ஒரு நட் 4 கிராம். ஆயிரம் ஜோடி வேண்டுமானால் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. 7 கிலோ போல்ட்டும் 4 கிலோ நட்டும் நிறுத்து வாங்குவோம். எடை வேறு, எண்ணிக்கை ஒன்று.

அப்புறம் இரும்புத் தூளும் கந்தகமும். இரும்பு அணு ஒன்றுக்கும் கந்தக அணு ஒன்றுக்கும் நிறை விகிதம் ஏறத்தாழ இதே 7:4. அதனால் 7 கிராம் இரும்பும் 4 கிராம் கந்தகமும் சேர்த்துச் சூடாக்கினால் மிச்சமில்லாமல் இரும்பு சல்பைடு ஆக வேண்டும். இரும்பை 8 கிராம் எடுத்தால் ஒரு கிராமுக்கு ஜோடி கிடைக்காது. ஆறியபின் பொடித்துக் காந்தம் காட்டினால் அது ஒட்டிக்கொண்டு வரும்.

சிக்கல் சொல்லில்தான். பாடநூலில் 'மோல்' என்று இருக்கிறது. அதைக் கேட்டதுமே பிள்ளைகள் வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எதை எண்ணுகிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. எண்ணிக்கை என்பதைக் காட்டிக்கொடுக்கும் தமிழ்ச்சொல் ஏதாவது உண்டா?

நடராசன், தஞ்சாவூர்

அம்மா, பேரெண்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குக் குறையே இல்லை. 'ஐ, அம், பல்' என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டும் தருகிறார்கள். 'ஓர் ஆம்பல் இரும்பு' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! 'பல்' என்ற ஈறே பன்மையைச் சுட்டுவது என்பது என் கருத்து. ஆம்பலிலிருந்து 'ஆம்பலளவு', 'ஆம்பல் நிறை' என்று கிளைச்சொற்களும் வரும்.

முத்துக்குமார், கோவை

ஆம்பல் என்றால் என் மகள் அல்லிப்பூ என்பாள் ஐயா. மோல் என்பது டஜன் மாதிரி ஒரு எண், அவ்வளவுதானே? 'பேரெண்' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. 12 கிராம் கார்பனில் எத்தனை அணு இருக்கிறதோ அத்தனை.

அருள்மொழி, சென்னை

பாதி சரி, முத்துக்குமார். 12 கிராம் கார்பன்-12 என்பது பழைய வரையறை. 2019 மே மாதத்திலிருந்து எண்ணே நேரடியாக வரையறுக்கப்பட்டுவிட்டது: 6.02214076 × 10²³. ஆனால் மோல் அந்த எண் அல்ல. அத்தனை துகள் கொண்ட அளவுக்குப் பெயர்தான் மோல். அது கிலோகிராம், மீட்டர் போல ஓர் அலகு. அந்த எண்ணுக்குத் தனியாக அவகாட்ரோ பெயர் இருக்கிறது. ஆம்பலோ பேரெண்ணோ வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கயல் அம்மாவின் உவமையில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதல் பக்கத்திலேயே சொல்லலாம். ஒரு போல்ட் எத்தனை கிராம் என்றே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுக்கும் நட்டுக்கும் எடை விகிதம் 7:4 என்பது மட்டும் தெரியும். அப்போதும் 7 மூட்டைக்கு 4 மூட்டை என்று நிறுத்து வாங்கினால் எண்ணிக்கை சமம்தான். எத்தனை என்று சொல்ல முடியாது, சமம் என்று அடித்துச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஒரு அணுவின் எடை தெரியாமலே விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். எண் பின்னால் வந்தது. பிள்ளைகளுக்கு 10²³ காட்டி மிரட்டுவதற்கு முன்னால் இந்தச் 'சமம்' மனதில் உட்கார வேண்டும்.

நடராசன், தஞ்சாவூர்

அப்படியானால் எண்ணுப்பெயரை விட்டுவிடுகிறேன். வேருக்குப் போவோம். மோல் என்பதன் மூலம் லத்தீனில் 'பெருந்திரள்'. மூலக்கூறுக்கான அவர்கள் சொல் 'சிறு திரள்'. நம்மிடம் குவை, குவியல், திரள், தொகை எல்லாம் இருக்கின்றன. 'குவை' என்பேன். ஓரசைச் சொல், தூய தமிழ்.

அருள்மொழி, சென்னை

ஐயா, வேரைப் பின்பற்றினால்தான் ஆபத்து. 1890களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அப்போது அணுக்களையே ஏற்கவில்லை. அவருக்கு மோல் என்பது இத்தனை கிராம் என்ற ஒரு நிறைதான், எண்ணிக்கை அல்ல. பெரின் போன்றவர்களின் சோதனைகளைப் பார்த்து 1909 வாக்கில்தான் மனம் மாறினார். நம் பிள்ளைகள் செய்யும் தவறும் அதே தவறு: ஒரு மோல் என்றால் இத்தனை கிராம் என்று நினைத்து, எல்லாப் பொருளுக்கும் ஒரே எடையைப் போடுவார்கள். குவை என்றால் கண்முன் ஒரு குவியல்தான் வரும், அதற்குள் எண் தெரியாது.

ரஞ்சினி, யாழ்ப்பாணம்

வணக்கம். இங்கே எங்கள் பாடநூல்களில் 'மூல்' என்றுதான் படிப்பிக்கிறோம். மூலக்கூறுக்கு நெருக்கமாக ஒலிப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னமும் தெளிவில்லை. இரும்பு போன்ற பொருளுக்கு மூல் சொல்லும்போது 'இதில் மூலக்கூறே இல்லையே, ரீச்சர்' என்று கேட்கும் பிள்ளை உண்டு.

இன்னொன்று. நீங்கள் 'நிறை' என்று எழுதுவதை நாங்கள் 'திணிவு' என்போம். எங்களுக்கு நிறை என்றால் எடை. இந்தத் தாள் இங்கே வந்தால் முதல் வரியிலேயே குழப்பம் வரும். மோலா மூலா என்பதைவிட இது பெரிய சிக்கல் என்பேன்.

சரவணன், ஓசூர்

எங்கள் பட்டறையில் எண்ணும் தராசு இருக்கிறது. பத்து போல்ட்டை வைத்து 'பத்து' என்று பதிந்துவிட்டால், மூட்டையைக் கொட்டியதும் எண்ணிக்கை காட்டும். ஆனால் இரண்டு வேறு தயாரிப்பாளரின் போல்ட் கலந்துவிட்டால் கோளாறு வரும். ஒன்று 7 கிராம், இன்னொன்று 7.4 கிராம் என்றால் பத்து போல்ட் மாதிரி போதாது. நன்றாகக் கலந்து இருநூறு எடுத்தால் சராசரி சரியாக வந்துவிடும். கயல்விழி அக்காவுக்குத் தராசு வேண்டுமா? பழையது ஒன்று சும்மா கிடக்கிறது.

அருள்மொழி, சென்னை

தராசைக் கேட்கவில்லை தம்பி, ஆனாலும் நல்ல உதாரணம் தந்துவிட்டீர்கள். குளோரினில் இதுதான் நடக்கிறது. 35ம் 37ம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று கலந்திருப்பதால் 35.5 என்ற சராசரி வருகிறது. 35.5 எடையுள்ள தனி அணு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் அளவில் எடுத்தாலே கோடானுகோடி அணுக்கள் வந்துவிடுவதால் சராசரி பிசகுவதில்லை.

கயல்விழி, தேனி

சரவணன், தராசை வாங்கிக்கொள்கிறேன், நிச்சயமாக! சொல்லைப் பொறுத்தவரை மோல் என்றே விடுகிறேன். தேர்வில் அதுதான் வரும். ஆனால் முதல் இரண்டு பக்கத்தில் அந்தச் சொல்லே வராது. 'சம எண்ணிக்கை' என்று மட்டும் எழுதப்போகிறேன். விகிதம் மட்டும் தெரிந்த மூட்டைக் கணக்கையும் சேர்த்துவிட்டேன். ரஞ்சினி அக்கா சொன்னதற்காக முதல் வரியில் 'நிறை' பக்கத்திலேயே 'திணிவு' என்றும் போடுகிறேன்.

முத்துக்குமார், கோவை

சரி, மோலுக்கு என் ஓட்டும் உண்டு.

நடராசன், தஞ்சாவூர்

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே புரியாத சொல்லை வைத்துக்கொள்கிறோம். ஆம்பலை நீங்கள் யாரும் வகுப்பில் சொல்லிப் பார்க்கவே இல்லை.

ரஞ்சினி, யாழ்ப்பாணம்

நடராசன் ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆம்பலோ மோலோ, 'ஒரு மோல் ஒட்சிசன்' என்றால் தனி அணுவா, O₂ ஆ? எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் அலகை மட்டும் சொன்னால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. 16 கிராமும் 32 கிராமும் பிள்ளைகள் விடையில் மாறி மாறி வருவது இதனால்தான். போல்ட்டும் நட்டும் முன்பே ஜோடியாகப் பூட்டி வந்தால் ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்று எண்ணுவதா? கயல், அதற்கு மூன்றாம் பக்கத்தில் இடம் இருக்கிறதா?

கயல்விழி, தேனி

இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது அக்கா. நாளைக்குள் எழுதி அனுப்புங்கள்.