நம்ம வளவு (கானாடுகாத்தான்) குழு: போன்ல ரெக்கார்டிங்

வள்ளியம்மை ஆச்சி: ஆத்தங்குடிக் கல்லுக்காரர் கோபப்படுறார். நான் போன் பண்ணினாலே "கால் ரெக்கார்டு ஆகுது"ன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுதாம். நான் எதையும் அமுக்கல. நாளைக்கு இந்த ரெட்மியைக் கொடுத்துட்டு சாம்சங் மாத்துறேன். பேசினதெல்லாம் புது போனுக்கு வந்துருமா?

சொக்கலிங்கம்: ஆச்சி, அது டிராய் கொண்டு வந்த சட்டம். எல்லாப் போன்லயும் வரும். பிளே ஸ்டோர்ல ஒரு ரெக்கார்டர் ஆப் போட்டுக்கங்க, சத்தம் வராது.

மெய்யப்பன்: அண்ணே, அந்தக் குரலுக்கும் டிராய்க்கும் சம்பந்தம் இல்ல. ஆச்சி போன்ல இருக்கிறது கூகுளோட Phone ஆப். கலிபோர்னியா, ஜெர்மனி மாதிரி இடங்கள்ல பேசுற எல்லாரும் சம்மதிக்காம ரெக்கார்டு பண்றது குற்றம். அதனால கூகுள் இந்த வசதியை எங்க தந்தாலும் அறிவிப்போடதான் தருது. ரெக்கார்டு தொடங்கும்போது ஒரு தடவை, நிறுத்தும்போது ஒரு தடவை ரெண்டு பக்கமும் கேட்கும். அதை அணைக்க செட்டிங்ஸ்ல பட்டன் கிடையாது.

மெய்யப்பன்: ஆப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஆண்ட்ராய்டு 10-லேர்ந்து வெளி ஆப்புக்கு காலோட ஒலி கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு வச்ச அக்செசிபிலிட்டி அனுமதி வழியா சில ஆப்கள் எடுத்துக்கிட்டிருந்துச்சு, அதையும் 2022 மே 11-லேர்ந்து பிளே ஸ்டோர்ல தடை பண்ணிட்டாங்க. இப்ப அப்படி ஒண்ணு போட்டா பெரும்பாலும் நம்ம குரல் மட்டும் பதியும், எதிர்ப்பக்கம் வெறும் அமைதி. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் அவர் குரல் லேசா விழும்.

சொக்கலிங்கம்: அதான் என் ஆப்ல ஒரு பக்கம் மட்டும் கேட்குதா! நான் மைக் ரிப்பேர்னு நினைச்சேன்.

உமையாள்: எனக்கும் பேங்குக்குப் போன் பண்ணினா "உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படலாம்"னு வருது. அதையும் நம்ம போன்ல நிறுத்தலாமா?

மெய்யப்பன்: அது வேற, உமையாள். அவங்க சர்வர்ல அவங்க பதியுறாங்க, உன் போன்ல எதுவும் சேராது. நம்மளால நிறுத்த முடியாது.

மெய்யப்பன்: ஆச்சி, நீங்க அமுக்காமலே ஏன் பதியுதுன்னு பாத்துருவோம். Phone ஆப்பைத் திறந்து மூணு புள்ளி, Settings, Call recording. அங்க Always record-ங்கிறதுக்குக் கீழ ரெண்டு வரி இருக்கும். Numbers not in your contacts ஆன்ல இருந்தா சேமிக்காத நம்பர் எல்லாம் தானாப் பதியும். Selected numbers-ல இருந்தா நீங்க சேர்த்த ஆளுங்க மட்டும்.

வள்ளியம்மை ஆச்சி: முதலாவது ஆன்ல இருக்கு. கல்லுக்காரர் நம்பரை நான் சேமிக்கவே இல்ல.

மெய்யப்பன்: அதான் காரணம். அவர் பேரைச் சேமிச்சா இனிமே அவருக்கு அந்தக் குரல் வராது, ஆனா ரெக்கார்டும் ஆகாது. அதே பக்கத்தில கீழ Delete recordings-னு ஒண்ணு இருக்கும். என்ன போட்டிருக்கு?

வள்ளியம்மை ஆச்சி: 7 days.

மெய்யப்பன்: அதை இப்பவே Never ஆக்கிருங்க, உடனே. ஏழு நாள் தாண்டினதெல்லாம் தானா அழிஞ்சிருக்கும். அவர்கூட எந்தத் தேதியில பேசினீங்க?

வள்ளியம்மை ஆச்சி: 6-ஆம் தேதி அட்வான்ஸ் பேசினோம். 14-ஆம் தேதி கல் எண்ணிக்கை பேசினோம். பட்டாலை 400 சதுர அடி, பத்துக்குப் பத்து அங்குலக் கல். 576 வேணும், உடையிறதுக்குச் சேர்த்து 600. இப்ப 500-தான் சொன்னேங்கிறார்.

மெய்யப்பன்: இன்னைக்கு 18. அப்ப 6-ஆம் தேதி கால் போயிருச்சு, திரும்ப எடுக்க வழியில்ல. 14-ஆம் தேதி கால் இருக்கணும். அந்தக் கால் வரியைத் தொட்டு History-க்குள்ள பாருங்க, பிளே முக்கோணம் இருக்கும்.

வள்ளியம்மை ஆச்சி: இருக்கு! 9 நிமிஷம்.

சொக்கலிங்கம்: ஃபைல் மேனேஜர்ல தேடி புது போனுக்கு காப்பி பண்ணிட்டா முடிஞ்சுது.

மெய்யப்பன்: ஃபைல் மேனேஜர்ல கிடைக்காது அண்ணே. கூகுள் ஆப் அதைத் தன்னோட உள் இடத்தில வச்சிருக்கு, ரூட் பண்ணாத, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைக்காத போன்ல நமக்குத் தெரியாது. கூகுள் பேக்கப்லயும் ஏறாது, புது போனுக்குத் தரவு மாத்துறப்பயும் வராது. போன் மெதுவாகுதுன்னு Phone ஆப்புக்கு Clear data கொடுத்தா எல்லாம் ஒரே நொடியில போயிரும். அதனால ஒவ்வொண்ணா வெளிய எடுக்கணும். பிளே பக்கத்தில பகிரும் அடையாளம் இருக்கு, அதை அமுக்கி Drive-ல போடுங்க. பேரை "கல் 14-ஆம் தேதி"ன்னு மாத்திக்கங்க, பின்னாடி தேட வேண்டாம்.

அழகப்பன் (சிங்கப்பூர்): ஐபோன்லயும் அறிவிப்பு வருதே, அது எங்க சேருது?

மெய்யப்பன்: iOS 18.1-ல, 2024-ல வந்தது. Notes ஆப்ல Call Recordings-ங்கிற ஃபோல்டர்ல. ஒவ்வொரு காலுக்கும் நீங்கதான் அமுக்கணும், தானியங்கி கிடையாது. அறிவிப்பும் கட்டாயம்.

வள்ளியம்மை ஆச்சி: அப்ப சாம்சங்ல எப்படி?

மெய்யப்பன்: சாம்சங்ல அவங்க சொந்த ஆப். இங்க விற்கிற போன்ல வழக்கமா எதிராளிக்கு அறிவிப்பு போகாது. Phone, மூணு புள்ளி, Settings, Record calls, Auto record calls. All calls வைக்கலாம், சேமிக்காத நம்பர் மட்டும்னும் வைக்கலாம். My Files-ல Internal storage, Recordings, Call-னு போனா m4a ஃபைலா இருக்கும், பேரும் தேதியும் ஃபைல் பேர்லயே வரும். பழைய மாடல்ல நேரா Call-ங்கிற ஃபோல்டர். அதுக்கும் தனியா பேக்கப் எடுக்கணும், போன் உடைஞ்சா அதோட போயிரும். வெளிநாட்டில வாங்கிட்டு வந்த சாம்சங்ல Record calls-ங்கிற வரியே இல்லாம இருக்கலாம், அது விற்கிற நாட்டைப் பொறுத்தது.

உமையாள்: என் ரியல்மியிலயும் அந்தக் குரல் வருது.

மெய்யப்பன்: ரியல்மி, ஒப்போ, ஒன்பிளஸ் மூணுக்கும் ODialer-னு அவங்களோட சொந்த ஆப் பிளே ஸ்டோர்ல இருக்கு. உன் மாடலுக்கு வந்தா, அதை டீஃபால்ட் ஆக்கினா குரல் வராது. ஆச்சியோட ரெட்மியில அது ஓடாது. வாட்ஸ்அப் காலை இதுல எதுவும் பதியாது.

தெய்வானை அண்ணி: நடுவுல ஒரு வார்த்தை. ஆச்சி, கல்லுக்காரர் விஷயம் வழக்கு வரைக்கும் போகும்னா அந்த ரெட்மியைக் கொடுக்காதீங்க. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்கணும், அதுல ஹேஷ் மதிப்பு, அதாவது ஃபைலை யாரும் மாத்தலன்னு சரிபார்க்கிற குறியீடும் எழுதணும். எதிர்ப்பக்கம் சந்தேகம் கிளப்பினா பதிஞ்ச கருவியே கையில இருக்கிறது நல்லது. 1 ஜூலை 2024-லேர்ந்து இதுதான் நடைமுறை.

சொக்கலிங்கம்: 600 கல்லுக்கு கோர்ட்டா? பேசித் தீத்துக்கலாம். ரெக்கார்டைப் போட்டுக் காட்டினாப் போதும்.

அழகப்பன் (சிங்கப்பூர்): சொல்லாம ரெக்கார்டு பண்றது சரியா அண்ணி? சாம்சங்ல போனா அவருக்குத் தெரியவே தெரியாதே.

தெய்வானை அண்ணி: காலில் பேசுற ஒருத்தர் பதியக்கூடாதுன்னு நேரடிச் சட்டம் இங்க இல்ல. ஆனா 2017-ல உச்ச நீதிமன்றம் தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொன்னதுலேர்ந்து கேள்வி இருந்துகிட்டேதான் இருக்கு. கணவன் மனைவி வழக்குல ரகசியமாப் பதிஞ்சதை ஏத்துக்கலாம்னு 2025 ஜூலையில சொன்னாங்க. வியாபாரப் பேச்சுக்கு அதை அப்படியே பொருத்த முடியுமான்னு கேட்டா, வக்கீலுக்கு வக்கீல் பதில் மாறும். நான் சொல்றது, தொடங்கும்போதே "பதிஞ்சுக்கிறேன்"னு சொல்லிட்டுப் பேசுங்க.

மெய்யப்பன்: எனக்கு அதுல அவ்வளவு சம்மதம் இல்ல அண்ணி, சொன்னா யாரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க. ஆனா ஆச்சி விஷயத்தில கூகுள் குரலே அவருக்குச் சொல்லிருச்சு. அது தெரிஞ்சும் பேசியிருக்கார், அது ஆச்சிக்கு நல்லதுதான்.

வள்ளியம்மை ஆச்சி: Drive-ல ஏத்திட்டேன். பேரன் போன்ல போட்டுக் கேட்டேன். "ஆச்சி, 600 எடுத்து வைக்கிறேன்"னு அவர் சொல்றது தெளிவா இருக்கு. 6-ஆம் தேதிதான் போச்சு.

மெய்யப்பன்: ஏத்தினது முழு 9 நிமிஷமும் ஓடுதான்னு கடைசி வரை பாருங்க. சில சமயம் பாதியில நின்னிருக்கும்.

வள்ளியம்மை ஆச்சி: ஓடுது. போனை நாளைக்குக் கொடுக்கல, பீரோவுல வச்சுக்கிறேன். கடைக்காரர்கிட்ட சாம்சங்கை மட்டும் வாங்கிட்டு வர்றேன்.