மரக்கன்று நடும் அறிவிப்பில் நாங்கள் எழுதத் தவறியவை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நிழல்விரும்பி:
மழை தொடங்கியதும் எங்கள் குழு மறுபடியும் கன்று நடப் போகிறது. அறிவிப்பு எழுதும் பொறுப்பு இம்முறை என்னுடையது. போன ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"காலை 6.30 மணி, பூங்கா வாசல், மண்வெட்டி கொண்டுவரவும்." எங்கள் அறிவிப்பு இவ்வளவுதான். பூங்காவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பாதிப்பேர் ஒரு வாசலிலும் மீதிப்பேர் இன்னொன்றிலும் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் ஒன்றுசேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வந்திருந்த கருவிகளில் மண்வெட்டிகள் 14, கடப்பாரை ஒன்றே ஒன்று. தரையோ இறுகிக் கிடந்தது; மண்வெட்டி பட்டுத் தெறித்தது. ஒரு சாண் ஆழத்தோடு குழியை முடித்துக்கொண்டு 60 கன்றுகளையும் நட்டுவிட்டோம். தண்ணீர்? "முடிந்தவர்கள் வந்து ஊற்றுவோம்" என்று பேசிக் கலைந்தோம். ஐந்து மாதம் கழித்து எண்ணியபோது 19 கன்றுகள்தான் உயிரோடு இருந்தன.

இந்த முறை 100 கன்றுகள் என்று குழுவில் பேச்சு. அறிவிப்பில் என்னென்ன எழுத வேண்டும்?

நாற்றங்கால்காரர்:
இருபது ஆண்டுகளாக நாற்றங்காலில் வேலை செய்கிறேன். கன்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழிக்கும் குழாய்க்கும் எத்தனை நிமிட நடை? அதைச் சொல்லுங்கள், எத்தனை கன்று என்று நான் சொல்கிறேன்.

நிழல்விரும்பி:
குழாய் ஒன்றுதான், ஐயா. வாளியை நிரப்பி, நடந்து போய் ஊற்றிவிட்டுத் திரும்ப எட்டு நிமிடம் ஆகும்.

நாற்றங்கால்காரர்:
அப்படியானால் கணக்கைப் பாருங்கள். புதிதாக நட்ட கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 கன்றுக்கு 1000 லிட்டர். ஒருவர் இரண்டு வாளிகளில் 20 லிட்டர் தூக்கினால் 50 நடை. ஒரு நடைக்கு எட்டு நிமிடம் என்றால் 400 நிமிடம். நான்கு பேர் பகிர்ந்துகொண்டாலும் தலைக்கு 100 நிமிடம். மழை இல்லாத வாரத்தில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் மாதம் செய்வார்கள், மூன்றாவது மாதம் செய்ய மாட்டார்கள்.

24 கன்றுகள் நடுங்கள். 12 நடை, நான்கு பேருக்குத் தலைக்கு மூன்று. அரை மணிக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களும் இதைத் தொடர்ந்து செய்ய முடியும். அறிவிப்பில் கன்றுகளின் எண்ணிக்கையை எழுதுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றும் நால்வரின் பெயர் முடிவாகியிருக்க வேண்டும்.

செம்மண்:
எண்ணிக்கை இருக்கட்டும், குழிதான் முக்கியம். நான் எப்போதும் மூன்றடி ஆழம் தோண்டி, பாதிக்கு மேல் சாணம் நிரப்பி, தண்டு கொஞ்சம் உள்ளே போகும்படி ஆழமாகவே நடுவேன். அடியில் ஈரம் இருக்கும், வேர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நாற்றங்கால்காரர்:
இறுகிய தரையை நன்றாகக் கிளறிவிட வேண்டும் என்பது சரிதான், நண்பரே. ஆனால் தளர்ந்த மண்ணும் சாணமும் நீர் பட்டதும் அமுங்கும். கன்றும் கூடவே இறங்கும். தண்டின் அடி மண்ணுக்குள் போய்ப் பட்டை அழுகும். மக்காத சாணமாக இருந்தால் சூட்டில் வேரும் கருகும். ஒன்றரை அடி ஆழம் போதும், அகலத்தைக் கூட்டுங்கள். அடிமண்ணைக் கையால் அழுத்திவிட்டு, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தரையோடு வரும்படி நடுங்கள்.

பாலித்தீன் பையைப் பிளேடால் நெடுக்கே கீறி முழுவதும் எடுத்துவிட வேண்டும். அடிப்பக்கத்தில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை வெட்டிவிடுங்கள். விட்டால் குழிக்குள்ளும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

நிழல்விரும்பி:
இதைப் படித்ததும் காய்ந்துபோன கன்றுகளில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பையின் அடிப்பாகம் அப்படியே வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வேர்கள் சணல் கயிறு போல மூன்று சுற்று சுற்றியிருந்தன. வெளியே ஒரு வேர்கூட வரவில்லை. பையை யாரோ மேற்புறம் மட்டும் கிழித்திருக்கிறார்கள். நட்டது நானாகவும் இருக்கலாம்.

மாடிக்கொடி:
என் மாடியில் தொட்டியில் இருக்கும் எலுமிச்சைக்கும் 10 லிட்டர் ஊற்ற வேண்டுமா? இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன்.

காலைநடை:
அம்மா, அந்தக் கணக்கு தரையில் நடும் கன்றுக்கு. உங்கள் தொட்டியில் நீர் அதிகமாகிவிட்டது போல் தெரிகிறது. எனக்கும் இதே தவறு நடந்தது. தெருவோரம் நட்ட ஒரு கன்று வாடியதும் பதறிப்போய் நாள்தோறும் ஊற்றினேன். இலை மேலும் தொங்கியது. வேர்ப்பக்கம் தோண்டினால் மண் சேறாக இருந்தது, அழுகிய வாடை அடித்தது. நீர் குறைந்தாலும் வாடும், கூடினாலும் வாடும். அதனால் இப்போது விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பார்க்கிறேன். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று ஊற்றுவதில்லை.

இலை முழுவதும் உதிர்ந்தாலும் உடனே பிடுங்காதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நான் கைவிட்டிருந்த இரண்டு கன்றுகள் அப்படித்தான் பிழைத்து வந்தன.

செம்மண்:
ஊன்றுகோல் பற்றி யாரும் சொல்லவில்லையே. கட்டாயம் கட்ட வேண்டும், காற்றில் சாய்ந்துவிடும்.

நாற்றங்கால்காரர்:
நான் எல்லாவற்றுக்கும் கட்டுவதில்லை. காற்றில் சற்று ஆடினால்தான் தண்டு தடிக்கும். தானாக நிற்க முடியாத கன்றுக்கு மட்டும், வேரைக் குத்தாமல் தள்ளி ஊன்றி, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுவேன். ஓராண்டில் அவிழ்த்துவிடுவேன்.

செம்மண்:
எங்கள் பக்கம் வீசும் காற்றுக்கு அது சரிப்படாது, ஐயா. நான் எல்லாவற்றுக்கும்தான் கட்டுவேன்.

நிழல்விரும்பி:
குழுவில் பேசினேன். 24 கன்றுக்குச் சிலர் முகம் சுளித்தார்கள்; 400 நிமிடக் கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். அறிவிப்பு இதோ. விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்.

"ஞாயிறு காலை 6.15 மணிக்குப் பூங்காவின் பின்வாசலில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூடுவோம். முன்வாசலில் 6.30 வரை ஒருவர் நின்று வழிகாட்டுவார். பின்வாசலிலிருந்து நடும் இடம் ஐந்து நிமிட நடை. மொத்தம் 24 கன்றுகள், ஆறு குழுக்கள், குழுவுக்கு நான்கு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு மண்சட்டி, இரண்டு வாளி, ஒரு பிளேடு வேண்டும். யார் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். உங்கள் கருவியில் அடையாளத்துக்கு ஒரு வண்ணத் துணியைக் கட்டுங்கள். குழிகள் சனிக்கிழமையே தோண்டப்படும். கடப்பாரை பிடிக்கத் தெரிந்தவர்கள் அன்றும் வாருங்கள்.

நட்டதும் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டப்பாத்தி கட்டி, காய்ந்த சருகால் நான்கு விரல் உயரம் மூடாக்கு இடுவோம். சருகு தண்டைத் தொடக் கூடாது. மழை பெய்யாத வாரங்களில் புதனும் ஞாயிறும் தண்ணீர் ஊற்றும் நாட்கள். முதல் மாதத்துக்கான நால்வர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்த மாதங்களுக்குப் பெயர் தேவை. இரண்டாவது கோடை முடியும்வரை இந்த முறை தொடரும்."

காலைநடை:
ஆடு மாடு வருமா அங்கே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நிழல்விரும்பி:
வரும். போன முறை மிஞ்சிய 19 கன்றுகளும் முள்செடிகளின் ஓரம் இருந்தவை. இப்போதுதான் அதன் காரணம் புரிகிறது. சனிக்கிழமை வேலையில் முள் வெட்டிக் கட்டுவதையும் சேர்த்துவிடுகிறேன். அரிவாளும் தடித்த கையுறையும் வைத்திருப்பவர்கள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி எழுதுகிறேன்.