தம்பியின் குறிப்பும் என் ஆங்கிலமும்: எதுவரை போகலாம்?

மலர்விழி
என் சித்தி மகனுக்கு வேதாரண்யம் பக்கம். ஜெர்மனியில் நீர்வளம் படிக்க, அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி வேலை அனுபவம் உள்ளவர்களுக்குத் தரும் எபோஸ் உதவித்தொகைக்கு நோக்கக் கடிதம் எழுத வேண்டும். அவன் தந்த குறிப்பு இவ்வளவுதான்: “கஜாவுல தென்னையெல்லாம் போச்சு. அப்பாவுது குத்தகை நிலம். தண்ணி உப்பு. டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா தொண்டு நிறுவனத்துல கிணத்துத் தண்ணி அளக்குறோம், 40 கிணறு. மீட்டர் வச்சு அளந்து எழுதுறது நான். சார் நல்லா பண்றேன்னு சொன்னாரு. படிச்சுட்டு ஊருக்கே வரணும்.” இதை நான் ஆங்கிலத்தில் “சிறு வயது முதலே நீரியலில் தணியாத வேட்கை”, “நிலத்தடி நீர்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தினேன்” என்று ஆக்கியிருக்கிறேன். “இது நான் இல்லையே அக்கா” என்கிறான். விடலாமா, மாற்றலாமா?

எட்வின்
விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகள் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசவே கூசுவார்கள். “அளக்குறோம்” என்று எழுதினால் அதில் இவன் எங்கே இருக்கிறான் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? “சார் சொன்னாரு” எல்லாம் அங்கே எடுபடாது. மற்ற நாட்டுக்காரர்கள் அடித்து விடும்போது நாம் மட்டும் அடக்கி வாசித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

பாத்திமா
வருமானச் சான்றிதழ் எந்த வருடத்தது கேட்கிறார்கள்? என் மகளுக்குத் தாசில்தார் ஆபீஸில் ஒரு மாதமாக இழுக்கிறார்கள்.

சுபா (நீரியல்)
பாத்திமா, நீங்கள் கேட்பது மாநில அரசின் வெளிநாட்டுப் படிப்பு உதவி என்று நினைக்கிறேன். அதைத் தனியாகக் கேளுங்கள், விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

எட்வின் சொன்னதில் பாதி சரி. “அளக்குறோம்” என்பதை ஆங்கிலத்தில் ‘நான்’ என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எந்த வேலைக்கு ‘நான்’? அளந்தது, எழுதியது, அவ்வளவே. திட்டத்தை நடத்தியவர் அந்த ‘சார்’. அனுபவச் சான்றும் அநேகமாக அவர்தான் தருவார். அதில் ‘களப்பணியாளர்’ என்று இருந்து, கடிதத்தில் ‘தலைமை’ என்று இருந்தால், இரண்டும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும். அப்புறம் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

மலர்விழி, குறிப்பில் இல்லாததைப் பெயரடை போட்டு நிரப்பியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் அவனிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். மீட்டரை எதை வைத்துச் சரிபார்க்கிறான்? இரண்டு வருட அளவுகளில் அவனுக்குப் புரியாதது எது?

மலர்விழி
கேட்டேன் மேடம். கிளம்பும் முன், மின்கடத்துத்திறன் 1413 என்று தெரிந்த கரைசலில் மீட்டரை வைத்துச் சரிபார்ப்பானாம். ஐப்பசி மழைக்கு முன்னால் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும், மழை வந்ததும் இறங்கிவிடும். ஆனால் கடலைவிட்டுத் தள்ளி, இறால் பண்ணைப் பக்கம் இருக்கும் சில கிணறுகளில் மழைக்கு அப்புறமும் இறங்குவதில்லையாம். “ஏன்னு தெரியல, சாருக்கும் தெரியல” என்றான்.

சுபா (நீரியல்)
பாருங்கள், கடிதத்தின் நடுப்பகுதி இதுதான். உப்பு இருக்கிறது என்று மட்டும்தான் மின்கடத்துத்திறன் மீட்டர் சொல்லும். அது கீழிருந்து ஏறிய கடல்நீரா, பண்ணைக் குளத்திலிருந்து கசிந்ததா, மண்ணிலேயே இருந்த பழைய உப்பா என்று பிரிக்க அயனிப் பகுப்பாய்வு வேண்டும், ஐசோடோப்பு ஆய்வு வேண்டும், நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மாதிரி வேண்டும். அதைக் கற்கத்தான் போகிறான். ‘தெரியவில்லை’ என்பதை அப்படியே மொழிபெயருங்கள். பண்ணைதான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதற்கு அவனிடம் ஆதாரம் இல்லை.

எட்வின்
‘தெரியவில்லை’ என்று எழுதியா உதவித்தொகை கேட்பது? சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கஜாவை விடாதீர்கள். 2018 புயலில் தோப்பு போன வீட்டுப் பிள்ளை என்பது உண்மை. அதில் என்ன மிகை?

சுபா (நீரியல்)
மிகை இல்லை. ஆனால் முதல் பத்தியில் அழுகையாக வந்தால் கிணறு பின்னால் போய்விடும். இருப்பதே இரண்டு பக்கம். எபோஸில் இப்போது பார்க்கும் வேலைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு வரி போதும், அதுவும் அந்த நிலத்துக் கிணற்றைச் சொல்லும் இடத்தில்.

எட்வின்
அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஆளை ஞாபகம் வைப்பார்கள் மேடம். எனக்கு இன்னும் சம்மதமில்லை.

மலர்விழி
இப்போதைய முதல் பத்தி, அதன் தமிழ் இது: “இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் 40 கிணறுகளின் மின்கடத்துத்திறனை அளந்து பதிகிறேன். கடலுக்கு அருகிலுள்ளவை மழைக்குப் பின் தெளிகின்றன. தள்ளியிருக்கும் சில தெளிவதில்லை. காரணத்தை எங்கள் கருவியால் கண்டுபிடிக்க முடியவில்லை.” தம்பிக்குப் படித்துக் காட்டினேன். “மாதந்தோறும்னு போடாதீங்க அக்கா, 2 மாசம் மீட்டர் ரிப்பேர்ல கிடந்துச்சு” என்றான். அதையும் திருத்தினேன். கஜா வரிதான் பாக்கி. அது அப்பாவின் கதை, தன் கதை இல்லை என்கிறான். சித்தி போடச் சொல்கிறார்.