கமலைச் சாலில் நிற்காத பையன்: நகரும் பிளாட்ஃபார்மில் பட்ட பாடு

உசிலம்பட்டிக்காரன்

வீடியோ கேம் செய்யும்போது நகரும் பிளாட்ஃபார்மில் அவரவர் பட்டதைப் பகிரலாம் என்று இதைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை.

ஒரு கிணற்று லெவல் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா காலத்துக் கமலைக் கிணறு. மாடு முன்னே போனால் சால் மேலே வரும், பின்னே வந்தால் உள்ளே இறங்கும். அந்தச் சாலின் வாய்மேல் ஒரு பலகையைப் போட்டு, பையன் அதில் ஏறி நிற்கிற மாதிரி வைத்தேன். கீழேயிருந்து குதித்தால் பலகையை ஊடுருவி மேலே வந்து நிற்கலாம், அதாவது ஒருவழி. சால் இறங்கும்போது ஃபிரேமுக்கு 3 பிக்சல், ஏறும்போது 2 பிக்சல். எஞ்சின் Godot-தான், ஆனால் நகர்வுக்கான புரோகிராம் கோடு முழுக்க நானே எழுதியது.

முதல் சோதனை அக்கா மகள். இரண்டு நிமிடத்தில், "மாமா, இவன் என்ன தவளை மாதிரி தத்துறான்?" என்றாள். உண்மைதான். சால் இறங்க இறங்க, பையன் டொப் டொப்பென்று விழுந்து விழுந்து இறங்குகிறான். தரை தொடும் சத்தம் வினாடிக்கு இரண்டு மூன்று முறை கேட்கிறது. குதிக்கும் பட்டனை அழுத்தினால் பத்தில் ஒன்பது முறை குதிப்பதில்லை.

காரணத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் பிடித்தேன். தரையில் நிற்கும்போது அவன் செங்குத்து வேகம் 0. ஈர்ப்பு ஃபிரேமுக்கு 0.25 கூட்டுகிறது. சால் முதல் ஃபிரேமிலேயே 3 பிக்சல் கீழே போய்விட்டது, இவன் விழுந்ததோ கால் பிக்சல். வேகம் கூடிக் கூடி அவன் சாலைத் தொட 23 ஃபிரேம் ஆகிறது. தொட்டதும் வேகம் மறுபடி 0. திரும்பவும் அதே கதை. அந்த 23 ஃபிரேமில் ஒரே ஒரு ஃபிரேமில்தான் "தரையில் இருக்கிறான்" என்று கோடு நம்புகிறது. குதிக்கும் பட்டன் அந்த ஒன்றில் விழுந்தால்தான் உண்டு.

சரி, இறங்குவது இப்படி. ஏறும்போது இன்னும் மோசம். சால் மேலே வந்தால் பையனை ஊடுருவிக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. அவன் கிணற்றுக்குள்.

செல்லூர் தம்பி

அண்ணே, இது ரொம்ப எளிது. பையன் சாலில் கால் வைத்ததும் அவனைச் சாலுக்குப் பிள்ளையாக்கிவிடுங்கள். சால் எங்கே போனாலும் கூடவே போவான். நான் Unity-யில் என் தெப்பத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

தெப்பம் என்றால் வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரியே ஒன்று. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் தண்ணீர், தெப்பம் அதைச் சுற்றிவரும். கரையிலிருந்து தெப்பத்தில் ஏறி மண்டபத்துக்குத் தாவ வேண்டும். அழகாக வேலை செய்தது. ஒரே குறை, தெப்பத்தில் ஏறினால் ஆள் கொஞ்சம் குண்டாகிவிடுவான். தெப்பத்தின் படத்தை அகலத்தில் இழுத்துப் பெரிதாக்கியிருந்தேன், அந்த இழுப்பு அவனுக்கும் வந்துவிட்டது. இழுக்காத ஒரு வெற்றுப் பொருளை நடுவில் வைத்து அதற்குப் பிள்ளையாக்கினேன், சரியானது.

திருநகர் அக்கா

தம்பி சொல்வது பக்கவாட்டில் போகிற தெப்பத்துக்கு ஓடும். கூடவே தூக்கிப் போவது என்ற பாதியை அது தீர்க்கிறது. ஆனால் உசிலம்பட்டியாரின் இன்னொரு பாதி ஒருவழிச் சோதனை. பிள்ளையாக்கினாலும் "இவன் பலகைக்கு மேலே இருக்கிறானா" என்ற கேள்வியைக் கோடு கேட்கத்தான் போகிறது. தப்பு அங்கே இருந்தால் விழத்தான் செய்வான்.

தம்பிக்கு ஒரு கேள்வி. தெப்பம் மண்டபச் சுவரை ஒட்டிப் போகும்போது ஆள் சுவர்ப் பக்க ஓரத்தில் நின்றால் என்ன ஆகிறது?

செல்லூர் தம்பி

இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். சுவருக்குள் பாதி உடம்பு போய்விட்டது அக்கா. வெளியே வருவதற்குள் ஒரு வெட்டு வெட்டி எங்கேயோ தண்ணீரில் விழுந்தான். இத்தனை நாள் யாரும் அந்த ஓரத்தில் நிற்கவில்லை போல.

திருநகர் அக்கா

அதற்காகத்தான் நான் பிள்ளையாக்குவதே இல்லை. பலகை இந்த ஃபிரேமில் எவ்வளவு நகர்ந்ததோ, அந்த அளவை மட்டும் எடுத்து, ஆளின் சொந்த நகர்வுச் செயல்பாடு வழியாகவே அவனை நகர்த்துவேன். சுவர் வந்தால் அவன் நின்றுவிடுவான், தெப்பம் காலுக்குக் கீழே வழுக்கிப் போகும். அதுதான் நிஜத்திலும் நடப்பது. வரிசை முக்கியம்: முதலில் எல்லாப் பலகைகளும் நகர வேண்டும், பிறகு மேலே நிற்பவர்களைத் தூக்கிப்போவது, கடைசியில் ஆளின் சொந்த நகர்வும் ஈர்ப்பும். ஆளை முன்னே நகர்த்திப் பலகையைப் பின்னே நகர்த்தினால் எப்போதும் ஒரு ஃபிரேம் பிந்தியே இருப்பான்.

உசிலம்பட்டியாரே, உங்கள் ஒருவழிச் சோதனையை அப்படியே இங்கே போடுங்கள். யூகித்துப் பேச வேண்டாம்.

அழகர்கோயில் ரோடு

எனக்கும் இதே பிரச்சினைதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியதிலிருந்து பலகைமேல் நிற்கும் ஆள் நடுங்கிக்கொண்டே இருக்கிறான். மானிட்டரை 60-க்கு மாற்றினால் நடுக்கம் தெரிவதில்லை. நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

திருநகர் அக்கா

உங்களுடையது வேறு நோய். நடுங்குவது ஒன்று, தத்துவது ஒன்று. உங்கள் பலகை `_process`-இல் நகர்கிறதா, ஆள் `_physics_process`-இல் நகர்கிறானா என்று பாருங்கள். ஒன்று வினாடிக்கு 144 முறை, இன்னொன்று 60 முறை ஓடினால் நடுங்காமல் என்ன செய்யும்? இரண்டையும் `_physics_process`-க்குக் கொண்டுவாருங்கள்.

உசிலம்பட்டிக்காரன்

அக்கா, இதுதான் என் சோதனை. Godot-இல் y கீழ்நோக்கிக் கூடும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

```
if vy >= 0 and prev_feet <= plat.top + 4 and feet >= plat.top:
    feet = plat.top
    vy = 0
```

அந்த 4 நான் வெறுத்துப்போய்ச் சேர்த்தது. அதைச் சேர்த்ததும் 2 பிக்சல் வேகத்தில் ஏறும் சாலில் பையன் நின்றான். ஆனால் வேறொரு வினை. நிலையான பலகைக்குக் கீழேயிருந்து குதித்து, பாதம் பலகைக்கு 3 பிக்சல் கீழேயே உச்சியைத் தொட்டுவிட்டால், யாரோ குடுமியைப் பிடித்து இழுத்த மாதிரி வெடுக்கென்று மேலே ஏறிவிடுகிறான். இன்னொரு கிணற்றில் சாலை 5 பிக்சல் வேகத்தில் ஏற்றினேன், அங்கே மறுபடி ஊடுருவி விழுந்தான்.

திருநகர் அக்கா

பிடிபட்டது. பையனின் பழைய இடத்தைப் பலகையின் *புதிய* இடத்தோடு ஒப்பிடுகிறீர்கள். போன ஃபிரேமில் பலகை 400-இல், பாதமும் 400-இல். இப்போது பலகை 398-க்கு வந்துவிட்டது. "போன ஃபிரேமில் பாதம் பலகைக்கு மேலே இருந்ததா?" என்று கேட்கிறீர்கள், 400-ஐ 398-ஓடு ஒப்பிட்டு "இல்லை" என்கிறது கோடு. பழையதைப் பழையதோடுதான் ஒப்பிட வேண்டும். 4 பிக்சல் சலுகை அந்தத் தப்பை மூடி மறைத்தது, அவ்வளவுதான். பலகையின் வேகம் சலுகையைத் தாண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று, அந்த `vy >= 0`. பையன் குதித்து உச்சிக்குப் பக்கத்தில் ஃபிரேமுக்கு 1 பிக்சல் மேலே போய்க்கொண்டிருக்கிறான் என்று வையுங்கள். சால் 2 பிக்சல் வேகத்தில் கீழேயிருந்து வந்து அவன் காலைத் தொடுகிறது. பலகை பார்வையில் அவன் இறங்கிக்கொண்டிருக்கிறான். உங்கள் கோடு பார்வையில் ஏறிக்கொண்டிருக்கிறான், அதனால் தள்ளிவிடுகிறது. வேகத்தைப் பார்க்கவே தேவையில்லை. பழைய இடம், புதிய இடம் இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

```
var was_above = prev_feet <= plat.prev_top + 0.01
var now_below = feet >= plat.top
if was_above and now_below:
    feet = plat.top
    vy = 0
```

`prev_feet` என்பது போன ஃபிரேமின் முடிவில் இருந்த பாதம், தூக்கிப்போவதற்கு முந்தையது. அந்த 0.01 தசமப் புள்ளிப் பிழைக்கு மட்டும்.

உசிலம்பட்டிக்காரன்

நின்றுவிட்டான் அக்கா! 2 பிக்சலிலும் நிற்கிறான், 5-லும் நிற்கிறான். தத்தலும் போய்விட்டது, குடுமியைப் பிடித்து இழுப்பதும் போய்விட்டது. மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது.

அதே கையோடு இன்னொன்று. கீழ் அம்பும் குதிக்கும் பட்டனும் சேர்த்து அழுத்தினால் பலகை வழியாகக் கீழே இறங்க வேண்டும். 0.2 வினாடிக்கு அந்தப் பலகையின் மோதலை அணைத்துவைக்கிறேன். நிற்கும் பலகையில் சரியாக இருக்கிறது. இறங்கும் சாலில் அழுத்தினால் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு மறுபடி சாலிலேயே வந்து நிற்கிறான்.

திருநகர் அக்கா

நீங்கள் போட்ட 23 ஃபிரேம் கணக்கேதான். 0.2 வினாடி என்றால் 12 ஃபிரேம். அதற்குள் சால் 36 பிக்சல் இறங்கிவிட்டது, பையன் விழுந்தது 19.5. அவன் இன்னும் சாலுக்கு 16.5 பிக்சல் மேலேதான் இருக்கிறான், பிறகு மோதலைத் திறந்தால் நிற்கத்தானே செய்வான்?

டைமரைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஃபிரேமின் ஒருவழிச் சோதனை முடிந்ததும் பாதத்தைப் பலகைக்கு 1 பிக்சல் கீழே வைத்து, இறங்கும் பலகையின் வேகத்தை அவனுக்கும் கொடுத்துவிடுங்கள். அதன்பின் `was_above` தானாகவே பொய்யாகிவிடும், மோதலை அணைக்கவே வேண்டாம்.

```
feet = plat.top + 1
vy = max(plat.vy, 0)
```

`max` எதற்கென்றால், சால் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த வேகத்தையும் கொடுத்தால் பலகைக்குக் கீழே தொற்றிக்கொண்டு வருவதுபோல் தெரியும்.

மேலமாசி வீதி

இவ்வளவு எதற்கு என்று கேட்டால் கோபப்படாதீர்கள். Godot 4-இல் `CharacterBody2D`-யும் `AnimatableBody2D`-யும் போட்டு, வடிவத்தில் `one_way_collision`-ஐ டிக் செய்தால் தூக்கிப்போவதை `move_and_slide()`-ஏ பார்த்துக்கொள்ளும். நான் ஆரம்பத்தில் `StaticBody2D`-ஐக் கோடில் நகர்த்திவிட்டு ஏன் ஆள் கூட வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். வகையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

குதித்து இறங்கும்போது பலகையின் வேகம் கூட வர வேண்டுமா என்பதற்கும் `platform_on_leave` இருக்கிறது. முழு வேகம், கீழ்நோக்கியதை மட்டும் விட்டுவிட்ட வேகம், ஒன்றும் வேண்டாம் என்று மூன்று வழி. இறங்கும் பலகையின் வேகத்தைச் சேர்த்தால் குதியே செத்துப்போகிறது, அதனால் நான் இரண்டாவதை வைத்திருக்கிறேன்.

செல்லூர் தம்பி

எனக்கு முழு வேகம்தான் பிடிக்கும். இறங்கும் பலகையில் குதி குறைவதுதானே நியாயம்?

மேலமாசி வீதி

நியாயம் பார்த்தால் விளையாடுகிறவன் போனைத் தூக்கி எறிவான் தம்பி.

உசிலம்பட்டிக்காரன்

எஞ்சினிலேயே இருப்பது தெரியும் அண்ணே. திரையில் முழுப் பிக்சலாகவே எல்லாம் நகர வேண்டும் என்ற பிடிவாதத்தில் சொந்தமாக எழுதினேன், இப்போது திரும்பிப் போக மனசில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். கிணற்றின் மேலே கமலை உருளையைத் தாங்கும் குறுக்குக் கட்டை இருக்கிறது. சால் ஏறி வரும்போது பையன் தலை அதில் முட்டுகிறது. அக்கா சொன்னபடி தூக்கிப்போவது கட்டையில் நின்றுவிடுகிறது, ஆனால் அடுத்த வரியிலேயே ஒருவழிச் சோதனை பாதத்தைப் பலகைக்கு இழுத்து, தலையைக் கட்டைக்குள் செருகிவிடுகிறது.

திருநகர் அக்கா

ஆமாம், நான் எழுதிய ஐந்து வரியில் அந்த ஓட்டை உண்டு. `feet = plat.top` போடும் முன் தலைக்கு மேலே அந்த அளவு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் இல்லையென்றால் என்ன செய்வது என்பது கோடு சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் விளையாட்டில் பலகை அவனை ஊடுருவிப் போய்விடும், அவன் கீழே விழுவான். திடமான லிஃப்ட் என்றால் நசுங்கிச் சாக வைப்பேன், ஒருவழிப் பலகையில் அது அநியாயமாகப் படுகிறது.

உசிலம்பட்டிக்காரன்

என் அக்கா மகளிடம் கேட்டேன். விழவும் கூடாதாம், சாகவும் கூடாதாம். கட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டுமாம். தொங்குவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.